புதுவீட்டுக்குக் குடிநீர், பாதாள சாக்கடை இணைப்பு: நகராட்சிக்கு எழுதும் கடிதம்

கேள்வி: எங்கள் நகராட்சியில் அம்மா பெயரில் உள்ள மனையில் புதுவீடு கட்டி முடித்துவிட்டோம். கீழ்த்தளம் மட்டும், சுமார் 1,100 சதுர அடி. குடிநீர் இணைப்பும் பாதாள சாக்கடை இணைப்பும் வேண்டும். விண்ணப்பக் கடிதத்தை என் பெயரில் எழுதலாமா? இரண்டுக்கும் ஒரே கடிதம் போதுமா? அதில் என்னென்ன எழுத வேண்டும்? குடிநீர்க் குழாய் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறது, மேன்ஹோல் வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. செப்டிக் டேங்கும் கட்டியிருக்கிறோம்.

பதில்:

கடிதம் அம்மா பெயரிலேயே இருக்கட்டும், கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும். அலுவலகத்துக்கு நீங்கள் போய்வரலாம், அதில் தடையில்லை. அம்மாவால் வர இயலாது என்றால் "என் மகன் இந்த விண்ணப்பம் தொடர்பாக நேரில் வரவும் தொகை செலுத்தவும் அனுமதிக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நகராட்சியின் பதிவேட்டில் குடிநீர் இணைப்பு எண், சாக்கடை இணைப்பு எண் இரண்டும் சொத்துவரி விதிப்பு எண்ணோடு கோத்து வைக்கப்படும். வரிவிதிப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் இணைப்பு வரும். பத்திரத்தில் ஒரு பெயர், வரி ரசீதில் இன்னொரு பெயர், விண்ணப்பத்தில் மூன்றாவது பெயர் என்று வந்தால் எழுத்தர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுவார். நகராட்சிப் பொறியியல் பிரிவில் குடிநீர், வடிகால் வேலைகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தாமதமாகும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை குழாய் போட முடியாததால் தாமதமாவதில்லை. பெயரிலோ எண்ணிலோ ஏதாவது ஒன்று இடிக்கும்.

ஆகவே கடிதம் எழுத உட்காரும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் வரி ரசீது காலிமனை வரிக்கானதா, வீட்டுக்கான சொத்துவரிக்கானதா? மனை வாங்கியதிலிருந்து காலிமனை வரி கட்டிவந்தவர்கள் அந்த எண்ணையே விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணில் நகராட்சி பார்ப்பது வெறும் மண்ணைத்தான். வீடு என்று ஒன்று அதன் கணக்கில் இருக்காது. முதலில் கட்டடத்துக்குப் புதிய வரிவிதிப்புக் கேட்டு மனு கொடுங்கள். வருவாய்ப் பிரிவிலிருந்து வந்து அளந்துவிட்டுப் போவார்கள், புது வரிவிதிப்பு எண் கிடைக்கும். அப்போதே கதவு எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் அரையாண்டு வரியைக் கட்டிய ரசீதோடு இணைப்புக்கு விண்ணப்பித்தால் அடுத்த கேள்வி எழாது. அளக்க வரும்போது கட்டட அனுமதி வரைபடத்தில் உள்ள பரப்பும் கட்டியிருக்கும் பரப்பும் வேறாக இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே தொடங்கிவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பணி நிறைவுச் சான்று பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கவுண்டரில் கேட்கலாம். கட்டடம் முடிந்ததற்கான சான்றைக் காட்டிய பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்கீழ் சிறிய குடியிருப்புகளுக்கு இந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஒரே குடும்பத்துக்கான உங்கள் கீழ்த்தள வீடு அந்த விலக்குக்குள் வசதியாக அடங்கும். கேட்டால் அனுமதி வரைபடத்தைக் காட்டி இதைச் சொல்லுங்கள். மூன்று நான்கு மாடி கட்டியவர்களுக்கு இதே பதில் பொருந்தாமல் போகலாம்.

ஒரே கடிதமா இரண்டா என்றால், கடிதம் ஒன்று போதும், படிவம் இரண்டு. குடிநீருக்கும் பாதாள சாக்கடைக்கும் தனித்தனி படிவம், தனித்தனி வைப்புத்தொகை, தனித்தனி இணைப்பு எண். இணையம் வழியாகப் பதிவதென்றாலும் tnurbanepay.tn.gov.in தளத்தில் இரண்டையும் தனித்தனியாகத்தான் பதிய வேண்டும். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான ஒரு கடிதம் எழுதி இரு படிவங்களோடும் அதன் நகலை வைக்கச் சொல்வேன். காரணம் உங்கள் தெருதான். குடிநீருக்கு ஒருமுறை, சாக்கடைக்கு ஒருமுறை என்று தார்ச்சாலையை இரண்டு முறை வெட்டினால் இரண்டு முறையும் சாலை சீரமைப்புக் கட்டணம் உங்கள் தலையில் விழும். இரு வேலையும் ஒரே வீட்டுக்கு என்பது ஒரே தாளில் தெரிந்தால், பார்வையிட வரும் பொறியாளர் இரண்டையும் சேர்த்து மதிப்பிட வழி கிடைக்கும். சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

பெறுநர் யார் என்பது ஊரைப் பொறுத்தது. நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையர். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். சென்னை மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் மாநகராட்சிக்கு எழுதிப் பயனில்லை, அங்கே குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கிராம ஊராட்சியில் பெரும்பாலும் பாதாள சாக்கடையே இருக்காது, ஆகவே குடிநீருக்கு மட்டும் ஊராட்சிக்கு எழுதினால் போதும்.

ஆணையர் பெயருக்குப் போகும் கடிதத்தை உண்மையில் வேலைக்காகப் படிப்பவர்கள் இருவர். பெயர், எண், ரசீது சரிதானா என்று பார்க்கும் எழுத்தர் ஒருவர். இடத்துக்கு வந்து தூரமும் ஆழமும் பார்க்கும் மேற்பார்வையாளர் அல்லது உதவிப் பொறியாளர் இன்னொருவர். இவர்கள் இருவருக்கும் வேண்டியதைத்தான் கடிதம் சொல்ல வேண்டும். "குடிக்கத் தண்ணீர் இன்றி மிகுந்த சிரமப்படுகிறோம், தாங்கள் கருணை கூர்ந்து" என்று ஒரு பக்கம் எழுதி, வரிவிதிப்பு எண்ணை எழுதாமல் விட்ட கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. உங்கள் வீட்டுக்கு நான் எழுதிக்கொடுத்தால் கடிதம் இப்படி இருக்கும். அளவுகளை உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன், நீங்கள் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
(அம்மாவின் பெயர், வரி ரசீதில் உள்ள எழுத்துகளின்படியே)
(புதிய கதவு எண், தெரு, வார்டு எண், ஊர்)
(கைபேசி எண்)

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
(ஊர்) நகராட்சி.

பொருள்: புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்பு வீட்டுக்குக் குடிநீர் மற்றும் பாதாள சாக்கடை இணைப்பு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கட்டட அனுமதி எண் (   ), நாள் (   ). 2. சொத்துவரி விதிப்பு எண் (   ).

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட முகவரியில் எனக்குச் சொந்தமான மனையில், பார்வை 1-இல் கண்ட அனுமதியின்படி கீழ்த்தளம் மட்டும் கொண்ட வீடு கட்டி முடிக்கப்பட்டுள்ளது. பரப்பு 1,100 சதுர அடி. நாங்கள் நால்வர் குடியிருக்க மட்டுமே பயன்படுத்துகிறோம், கடையோ வாடகைப் பகுதியோ இல்லை. பார்வை 2-இல் கண்ட எண்ணில் நடப்பு அரையாண்டு வரை சொத்துவரி செலுத்தியுள்ளேன். இந்த மனைக்கு இதுவரை குடிநீர் இணைப்போ சாக்கடை இணைப்போ பெறவில்லை.

வீட்டு உபயோகத்துக்கு அரை அங்குலக் குடிநீர் இணைப்பு ஒன்று வேண்டுகிறேன். பகிர்மானக் குழாய் தெருவின் எதிர்ப்பக்கம் செல்கிறது. அதிலிருந்து என் மதில் சுமார் 6 மீட்டர். இடையில் தார்ச்சாலையும், என் வாசலை ஒட்டித் திறந்த கால்வாயும் உள்ளன.

பாதாள சாக்கடைக்கு, வீட்டின் கழிவுநீர் அனைத்தும் சேரும் கடைசித் தொட்டி மதிலுக்கு உள்ளே கட்டப்பட்டுள்ளது. அதிலிருந்து வெளியேறும் குழாயின் அடிமட்டம் சாலை மட்டத்துக்கு 45 செ.மீ. கீழே உள்ளது. அருகிலுள்ள மேன்ஹோல் அத்தொட்டியிலிருந்து சுமார் 15 மீட்டர் கிழக்கே உள்ளது. மழைநீர்க் குழாய் எதையும் கழிவுநீர்த் தொட்டியில் சேர்க்கவில்லை, மழைநீர் சேகரிப்புக் குழி தனியாக உள்ளது.

இரண்டு இணைப்புகளுக்கும் சேர்த்து இடத்தைப் பார்வையிட்டு, செலுத்த வேண்டிய வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணம், சாலை சீரமைப்புக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கேட்பு அறிவிப்பு வழங்கும்படியும், சாலையை ஒரே முறை வெட்டி இரு பணிகளையும் முடிக்க ஆவன செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், நாள்)

இணைப்பு: பத்திர நகல், கட்டட அனுமதி மற்றும் வரைபட நகல், சொத்துவரி ரசீது நகல், ஆதார் நகல், கைவரைபடம்.

கடிதம் இவ்வளவுதான். இதில் சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று சொல்கிறேன். "கடையோ வாடகைப் பகுதியோ இல்லை" என்பது கட்டண வகையைத் தீர்மானிக்கும் வரி. வீட்டு உபயோகத்துக்கும் வணிக உபயோகத்துக்கும் வைப்புத்தொகையும் மாதக் கட்டணமும் வேறு. முன்பக்கம் ஷட்டர் வைத்துக் கட்டியிருந்தால் இந்த வரியை எழுதாதீர்கள், வந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஷட்டர்தான். "இதுவரை இணைப்புப் பெறவில்லை" என்பதும் முக்கியம். பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய மனைகளில் பழைய இணைப்பு எண் பதிவேட்டில் உயிரோடு இருக்கும், அதன்மேல் பல ஆண்டு பாக்கியும் ஏறியிருக்கும். அப்படி இருந்தால் புதிது கேட்காமல், பழைய பாக்கியைத் தீர்த்து அதே இணைப்பை மாற்றிப் போடக் கேட்பதுதான் வழி.

நால்வர் என்று ஆள் எண்ணிக்கையை எழுதச் சொல்வது பொறியாளருக்காக. பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடும்போது எடுத்துக்கொள்ளும் அளவு. நால்வருக்கு 540 லிட்டர். இதற்கு அரை அங்குல இணைப்பு தாராளம். முக்கால் அங்குலம் கேட்டால் அதிகத் தண்ணீர் வரும் என்று நினைத்துச் சிலர் கேட்பார்கள். பகிர்மானக் குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கும் தெருவில் பெரிய குழாயாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, வைப்புத்தொகைதான் ஏறும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரென்றால் குழாயின் அகலத்தைவிட உங்கள் சம்ப் 1,500 லிட்டராவது பிடிக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. இணைப்புக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல், கண்டுபிடித்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இனி, சாக்கடை மட்டத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் வேறு யாரும் எழுதாத வரி "45 செ.மீ. கீழே" என்பதுதான். குடிநீர் அழுத்தத்தில் வருவதால் மேடு பள்ளம் ஏறி இறங்கி வந்துவிடும். கழிவுநீருக்கு அந்த வசதி கிடையாது, சரிவு இருந்தால்தான் போகும். நாலு அங்குலக் குழாய்க்கு 50 அடிக்கு ஒரு அடி என்ற சரிவை வைத்துக்கொள்ளுங்கள். 60-க்கு ஒன்று வரை இறங்கலாம், அதற்கும் கீழே போனால் கட்டி கட்டியாக அடைக்கத் தொடங்கும். உங்கள் உதாரணத்தில் தூரம் 15 மீட்டர். 50-க்கு ஒன்று என்றால் 30 செ.மீ. இறக்கம் வேண்டும். வீட்டுத் தொட்டியில் 45 செ.மீ. ஆழத்தில் புறப்படும் குழாய், மேன்ஹோலைச் சேரும்போது சாலைக்கு 75 செ.மீ. கீழே இருக்கும். மேன்ஹோலுக்குள் கழிவுநீர் ஓடும் மட்டம் சாலைக்கு 1.1 மீட்டர் கீழே என்றால் உங்களுக்கு 35 செ.மீ. மிச்சம், கவலையில்லை. அதுவே 70 செ.மீ. ஆழத்தில் ஓடுகிறது என்றால் உங்கள் குழாய் அதற்கும் கீழே போய்ச் சேர்கிறது, இணைப்பு சரியாக வேலை செய்யாது. வீட்டுத் தொட்டியின் வெளிக்குழாயை மேலே தூக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். தரை பூசி டைல்ஸ் ஒட்டிய பிறகு அது பெரிய வேலை.

வீட்டுப் பக்க ஆழத்தை நீங்களே அளக்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்கருகிலும் மறுமுனையைச் சாலையிலும் பிடித்தால் போதும். மேன்ஹோல் பக்கத்தை அளக்க மூடியை நீங்கள் திறக்காதீர்கள், ஆள் வைத்தும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும். பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவது, கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. பார்வையிட வருபவரிடம் "மேன்ஹோல் ஆழம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பாதாள சாக்கடைத் திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் மட்டம் குறித்திருக்கும், அவரால் மேலிருந்தபடியே கோல் விட்டும் அளக்க முடியும். உங்கள் கடிதத்தில் ஏற்கெனவே ஓர் அளவு இருப்பதால் அந்தப் பேச்சு அவருக்குச் சுலபமாகிவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு மட்டம் உண்டு, அதைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை, நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும். உங்கள் குளியலறைத் தரை, அருகிலுள்ள மேன்ஹோல் மூடியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய குழாய் எங்காவது அடைத்துக்கொண்டால் கழிவுநீர் மேன்ஹோல்களில் மேலேறி நிற்கும். அந்தத் தெருவிலேயே தாழ்வான வாய் எதுவோ அதன் வழியாக வெளியே வரும். உங்கள் குளியலறை தாழ்வாக இருந்தால் அந்த வாய் உங்கள் குளியலறைதான். சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திய தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன, அங்கே மழைக்காலத்தில் இதுதான் நடக்கிறது. உங்கள் வீடு அப்படி என்றால் கடைசித் தொட்டிக்குப் பிறகு திரும்பிவராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று வையுங்கள். அது முழுத் தீர்வு இல்லை. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது, வால்வில் முடியும் துணியும் சிக்கினால் சரியாக மூடவும் மூடாது. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

மழைநீரைச் சேர்க்கவில்லை என்ற வரியும் இந்தக் காரணத்துக்காகத்தான். பாதாள சாக்கடைக் குழாய்கள் கழிவுநீர் அளவுக்குக் கணக்கிட்டுப் போட்டவை. மொட்டைமாடித் தண்ணீரை அதில் விட்டால் தெருவே பொங்கும். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம், பார்வையிட வருபவர் அதையும் கேட்பார். குழி எங்கே என்று கைவரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

கைவரைபடம் என்றதும் பயப்பட வேண்டாம், பொறியாளர் போட்ட படம் தேவையில்லை. ஒரு தாளில் உங்கள் மனை, தெரு, எதிர்ப்பக்கக் குடிநீர்க் குழாய், வாசல் கால்வாய், மேன்ஹோல், உங்கள் சம்ப், கடைசித் தொட்டி, மழைநீர்க் குழி ஆகியவற்றை வரைந்து தூரங்களை எழுதினால் போதும். ஆனால் அதில் ஒன்றை யோசித்து வரையுங்கள். குடிநீர்க் குழாயை வாசலின் ஒரு பக்கத்திலும் சாக்கடைக் குழாயை மறுபக்கத்திலும் காட்டுங்கள். இரண்டும் எங்காவது குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் குடிநீர் மேலே, சாக்கடை கீழே.

இதில் கண்டிப்பாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் நிறுத்தப்பட்டதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும், சில நேரம் உள்ளே உறிஞ்சும் நிலைகூட உண்டாகும். அந்த நேரத்தில் இணைப்பில் ஒரு சிறு கசிவு இருந்து, அது கால்வாய்த் தண்ணீருக்குள் கிடந்தால், அழுக்கு உள்ளே போகும். மறுநாள் தண்ணீர் திறந்ததும் முதல் பத்து நிமிடம் கலங்கலாக, நாற்றத்தோடு வருவது பெரும்பாலும் இதனால்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் உங்கள் குழாய் வாசல் கால்வாயைத் தாண்டியே ஆக வேண்டும். வேலை செய்பவர்களுக்குச் சுலபமான வழி கால்வாய்ச் சுவரில் ஓட்டை போட்டு, குழாயைக் கால்வாய்க்குள்ளேயே குறுக்காக விட்டுவிடுவது. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கால்வாயின் அடித்தளத்துக்குக் கீழே கொண்டுபோகலாம், முடியாவிட்டால் கால்வாயின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஓட்டத்துக்கு மேலே, இரும்புக் குழாய் உறை ஒன்றுக்குள் செருகிக் கொண்டுபோகலாம். எந்த வழியானாலும் அந்த நீளத்துக்குள் ஒட்டு இருக்கக் கூடாது. ஒரே துண்டுக் குழாயாகப் போக வேண்டும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் பலர் தப்பாக நினைப்பது, டேங்கின் மிகைநீர்க் குழாயை எடுத்துப் பாதாள சாக்கடையில் கொடுத்தால் போதும் என்று. சாக்கடை இணைப்புக் கிடைத்த பிறகு டேங்க் தேவையில்லை. கழிப்பறைக் குழாய் டேங்கைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடைசித் தொட்டிக்குப் போக வேண்டும். டேங்கை வழியில் வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் கசடு சேர்ந்து, ஒருநாள் அடைத்து, அதைச் சுத்தம் செய்யும் செலவு உங்களுக்குத்தான். இணைப்பு வரும்வரை டேங்கைப் பயன்படுத்துங்கள். வந்ததும் கழிவு உறிஞ்சும் லாரியை அழைத்துக் காலி செய்து, மணல் கொட்டி மூடிவிடுங்கள். டேங்கின் மிகைநீரை இடைக்காலத்துக்கு என்று வாசல் கால்வாயில் விட்டுவிடாதீர்கள். அந்தக் கால்வாயைத் தாண்டித்தான் உங்கள் குடிநீர்க் குழாய் வரப்போகிறது.

கட்டணத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது அதன் தலைப்புகள் மட்டும்தான். வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணம், சாலை சீரமைப்பு என்று வரும். தொகை ஒவ்வொரு நகராட்சியின் தீர்மானப்படி மாறும், சாலை சீரமைப்பு சாலையின் வகையையும் வெட்டும் நீளத்தையும் பொறுத்தது. தாருக்கு ஒரு விலை, சிமெண்ட் சாலைக்கு ஒரு விலை, பேவர் பிளாக்குக்கு ஒரு விலை. பக்கத்துத் தெருக்காரர் கட்டிய தொகையை வைத்து உங்களுடையதைக் கணிக்க வேண்டாம். கேட்பு அறிவிப்பில் தலைப்பு வாரியாகப் பிரித்திருக்கிறதா என்று பாருங்கள், அறிவிப்பில் இல்லாத எதற்கும் பணம் தராதீர்கள். உங்கள் தெருவுக்குப் பதிலாக நெடுஞ்சாலைத் துறையின் சாலையை வெட்ட வேண்டியிருந்தால் அந்தத் துறையின் அனுமதி தனியாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். புதிதாகப் போட்ட சாலையை உடனே வெட்டவிட மாட்டார்கள், வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் சாலை வெட்ட அனுமதி எளிதில் கிடைக்காது. ஆகவே உங்கள் கடிதம் ஆவணி மாதத்துக்குள் அலுவலகத்தில் இருந்தால் நல்லது.

நேரில் கொடுப்பதென்றால் தபால் பிரிவில் கொடுங்கள், உங்கள் நகலில் நாளோடு முத்திரை வாங்குங்கள். கோப்பு தொடங்கியதும் அதற்கு ஒரு ந.க. எண் போடுவார்கள். அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைச் சொல்லி, கோப்பு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். "என் விண்ணப்பம் என்ன ஆயிற்று?" என்று கேட்பவருக்குக் கிடைக்காத பதில் இதற்குக் கிடைக்கும். பதிலே இல்லாமல் வாரங்கள் போனால் அரசின் 1100 உதவி எண்ணில் அழைத்து அதே ந.க. எண்ணோடு புகார் பதியலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நிலையை எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கேட்டதும் கோப்பு நகரும் என்று உத்தரவாதம் தர மாட்டேன், எங்கே நிற்கிறது என்பதாவது எழுத்தில் கிடைக்கும்.

வேலை நடக்கும் நாளில் வீட்டில் யாராவது இருங்கள். பகிர்மானக் குழாயிலிருந்து பிரியும் இடம், கால்வாயைத் தாண்டும் இடம், மேன்ஹோலுக்குள் உங்கள் குழாய் சேரும் இடம், இந்த மூன்றையும் மண் மூடும் முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். சாக்கடைக் குழாய் மேன்ஹோலிலோ, நகராட்சி விட்டிருக்கும் வீட்டு இணைப்புத் தொட்டியிலோதான் சேர வேண்டும். நடுவழியில் பெரிய குழாயை உடைத்துச் செருக விடாதீர்கள். பள்ளத்தை மூடும் முன் வீட்டுக் கடைசித் தொட்டியில் இரண்டு மூன்று வாளி தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றச் சொல்லி, மறுமுனையில் வந்து விழுகிறதா, குழாயில் எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கினால் சரிவு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே சொன்னால் குழாயை எடுத்துச் சரிசெய்துவிடுவார்கள். மண் மூடித் தார் போட்ட பிறகு சொன்னால் இன்னொரு சாலை சீரமைப்புக் கட்டணம்.